சோறு வடிக்க எத்தனை யூனிட்? குக்கர், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன்: ஒரு சமையலறைக் கணக்கு

"குக்கரா, ரைஸ் குக்கரா, இண்டக்‌ஷனா, எதுல செலவு கம்மி?" இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு ஒரு சின்ன தயக்கம் வரும். மூணும் ஒரே ரகப் பொருள் இல்லை. பிரஷர் குக்கர் ஒரு பாத்திரம். இண்டக்‌ஷன் ஒரு அடுப்பு. ரைஸ் குக்கர் மட்டும்தான் பாத்திரமும் அடுப்பும் சேர்ந்த ஒன்று. எனவே குக்கரை எந்த அடுப்பில் வைக்கிறோம், இண்டக்‌ஷன் மேல் எந்தப் பாத்திரத்தை வைக்கிறோம் என்று சொல்லாமல் ஒப்பிட்டால் விடை எப்படி வேண்டுமானாலும் வரும். இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், மனைவி, 72 வயது அம்மா. தினமும் காலையில் ஒரே ஒரு தடவை சோறும் பருப்பும் வைப்போம். அந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லா வழியிலும் செய்து பார்த்து அளந்தேன். அதன் குறிப்புகள்தான் இவை.

முதலில் கொஞ்சம் இயற்பியல்

300 கிராம் புழுங்கல் பொன்னி அரிசி. ஏறக்குறைய ரெண்டு ஆழாக்கு. அதற்கு 750 மில்லி தண்ணீர். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக 72 டிகிரி ஏற்ற வேண்டும். தண்ணீருக்கும் அரிசிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 0.07 யூனிட் வருகிறது. யூனிட் என்றால் நம் ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. சோறு வேகத் தேவைப்படும் வெப்பம் பெரும்பாலும் இவ்வளவுதான். கொதி வந்த பிறகு அரிசி வேகத் தேவை நேரம். அந்த நேரம் முழுக்க சூடு குறையாமல் இருந்தால் போதும், அடுப்பு முழு வேகத்தில் எரிய வேண்டியதில்லை.

அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது? ஆவியாகப் போகிறது. 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.063 யூனிட் வேண்டும். அதாவது அரை டம்ளர் தண்ணீர் ஆவியாகி வெளியே போனால், அந்த 750 மில்லி தண்ணீரையும் இன்னொரு தடவை முழுசாகக் கொதிக்க வைத்த செலவு. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால் போதும், கீழே வருகிற எல்லா எண்களும் தானாகப் புரியும். பாத்திரத்தின் பெயரைவிட, எவ்வளவு ஆவியை வெளியே விடுகிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

இதை அளப்பதும் சுலபம். சமையலறைத் தராசில் பாத்திரத்தைச் சமைக்கும் முன்னால் ஒரு தடவை, சமைத்த பின்னால் மூடி திறக்காமல் ஒரு தடவை நிறுத்தால், குறைந்த எடை அத்தனையும் ஆவி. மின்சாரத்துக்கு, பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் ஒரு வாட் மீட்டர் வைத்திருக்கிறேன். அது இல்லாதவர்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஈ.பி. மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை எண்ணலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 320 சிமிட்டல் 0.1 யூனிட்.

கேஸை அளப்பதுதான் கஷ்டம். ஒரு தடவைக்கு இருபது முப்பது கிராம்தான் செலவாகும், சிலிண்டரோ 30 கிலோ. அதனால் பெட்டி நிறுக்கும் தொங்குதராசில், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, பத்து நாளுக்கு ஒரு தடவை நிறுத்தேன். அந்தப் பத்து நாளும் கேஸ் அடுப்பில் இந்தச் சோற்றைத் தவிர வேறு எதுவும் வைக்கவில்லை. வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு நாள் கணக்கு.

குக்கர், கேஸ் அடுப்பில்

மூணு லிட்டர் குக்கர். அரிசியும் தண்ணீரும் நேரடியாக உள்ளே. பெரிய பர்னரில் முழுத் தீ வைத்தால் ஏழு நிமிஷத்தில் முதல் விசில் வரும்.

இங்கேதான் இரண்டு பழக்கங்கள் பிரிகின்றன. எங்கள் வீட்டுப் பழக்கம், தீயைக் குறைக்காமல் நாலஞ்சு விசில் விட்டு அணைப்பது. அப்படிப் பத்து நாள் செய்ததில், நாளொன்றுக்கு 34 கிராம் கேஸ் ஆனது. குக்கரின் எடை 120 கிராம் குறைந்தது. அடுத்த பத்து நாள், முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து ஆறு நிமிஷம் கழித்து அணைத்தோம். 23 கிராம் கேஸ். எடை இழப்பு 25 கிராம். சோறு இரண்டு முறையும் ஒரே மாதிரி வெந்திருந்தது.

விசில் என்பது என்ன? குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். நம் வீட்டுக் குக்கர்களில் வெயிட் தூக்கும் அழுத்தத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி இருக்கும். அதற்கு மேல் கொடுக்கும் சூட்டைக் குக்கர் வைத்துக்கொள்ள முடியாது, வெயிட்டைத் தூக்கி வெளியே தள்ளிவிடும். அதுதான் விசில். முதல் விசில் "உள்ளே 120 வந்துவிட்டது" என்கிற தகவல். அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு விசிலும் வேண்டாத சூடு வெளியேறும் சத்தம். மூணு விசில், அஞ்சு விசில் என்று நாம் எண்ணுவது நேரத்தை அளக்கும் ஒரு வழி மட்டுமே. பெரிய தீயில் அஞ்சு விசில் நாலு நிமிஷத்தில் வரும், சின்ன தீயில் பதினஞ்சு நிமிஷம் ஆகும். அதனால்தான் ஒரு வீட்டு விசில் கணக்கு இன்னொரு வீட்டில் பலிக்காது. முதல் விசிலுக்கு அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் நம்பகமானது.

ஆவி குறைவாகப் போவதால் தண்ணீரையும் கொஞ்சம் குறைக்கலாம். சிம் முறையில் 750 மில்லி வைத்தால் சோறு சற்றுக் குழைவாக வந்தது. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். உதிரியாக வேண்டும் என்றால் 650 போதும்.

முதல் விசில் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை என்றால் மூடி விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் நீர்த்துளி கோத்திருந்தால், கைப்பிடிப் பக்கம் ஸ்ஸ் என்று சத்தம் வந்தால், கேஸ்கட் இறுகிப்போய்விட்டது என்று அர்த்தம். ஆவி அந்த வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், கேஸும் அதோடு போகும். கேஸ்கட் மாற்றுவது சின்னச் செலவுதான். கசிவும் இல்லாமல் விசிலும் வராமல் இருந்தால் அது வேறு விஷயம், ஆவிக்குழாய் அடைத்திருக்கலாம். உடனே அணைத்து, முழுசாக ஆற விட்டுத்தான் திறக்க வேண்டும். மூடி போடுமுன் அந்தக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும் பழைய பழக்கம் இதற்காகத்தான்.

ரைஸ் குக்கர்

எங்களுடையது 1.8 லிட்டர், 700 வாட். அதே 300 கிராம், அதே 750 மில்லி. 23 நிமிஷத்தில் சுவிட்ச் தானாக மேலே ஏறியது. மீட்டரில் 0.27 யூனிட். எடை இழப்பு 190 கிராம்.

ஆவி ஏன் இவ்வளவு? சாதாரண ரைஸ் குக்கருக்குள் டைமர் கிடையாது. பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஒரு காந்தம் இருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று அதற்கு மேல் ஏறும். குறிப்பிட்ட சூட்டில் அந்தக் காந்தம் தன் பிடியை இழந்து சுவிட்சை விட்டுவிடும். அருமையான யோசனைதான். ஆனால் இதற்கு ஒரு விளைவு உண்டு: தண்ணீர் தீரும்வரை அது நிற்காது. கொதி வந்த பிறகும் 700 வாட்டிலேயே ஓடி, அரிசி குடித்தது போக மிச்சத் தண்ணீரை எல்லாம் ஆவியாக்கிவிட்டுத்தான் அணையும். 150 மில்லி தண்ணீரைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். 0.27 இருந்தது 0.34 ஆனது. ரைஸ் குக்கரில் தண்ணீரை அளந்து ஊற்றுவது சோற்றின் பதத்துக்கு மட்டுமல்ல, பில்லுக்கும் நல்லது.

அடுத்தது, பலர் கவனிக்காத விஷயம். சுவிட்ச் மேலே ஏறினால் குக்கர் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது "வார்ம்" நிலைக்குத்தான் போகிறது. எங்கள் குக்கர் அந்த நிலையில் 40 வாட் எடுத்துக்கொண்டே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வைத்த சோற்றை மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ஆறு மணி நேரம், 0.24 யூனிட். சோறு ஆக்கிய செலவுக்குக் கிட்டத்தட்டச் சமம். போதாததுக்கு அடியில் காய்ந்த தோல் மாதிரி ஒன்று படியும், சோறு லேசாக மஞ்சள் தட்டும். சோறு ஆனதும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் விட்டால் நல்ல சூடு ரொம்ப நேரம் நிற்கும். மதியத்துக்கென்றால் ஹாட் பாக்ஸில் மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

இண்டக்‌ஷன்

இண்டக்‌ஷனில் சுருளுக்குப் பதிலாகப் பாத்திரத்தின் அடியே சூடாகிறது. பக்கவாட்டில் சூடு சிதறுவது குறைவு. கேஸ் தீயோ பாத்திரத்தைச் சுற்றி மேலே ஏறிப் போய்விடும். நல்ல கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பதே 68 சதவீதத் திறன்தான், அதுவும் பரிசோதனைக் கூடத்துப் பெரிய பாத்திரத்தில். என் எடைக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் எங்கள் அடுப்பில் 55 சதவீதம்தான் குக்கருக்குள் போகிறது. இண்டக்‌ஷனில் 80க்கு மேல்.

அதே சோறு, இண்டக்‌ஷன் அடி வைத்த மூணு லிட்டர் குக்கரில், 1200 வாட்டில் வைத்து முதல் விசில் வந்ததும் மிகக் குறைந்த நிலைக்கு மாற்றி, சில நிமிஷம் கழித்து அணைத்தேன். 0.20 யூனிட். எடை இழப்பு 20 கிராம். அளந்ததிலேயே இதுதான் குறைவு.

ஆனால் அதே இண்டக்‌ஷனில் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து, வேகவிட்டுக் கஞ்சி வடித்துப் பார்த்தேன். 0.38 யூனிட்! ரைஸ் குக்கரைவிட அதிகம். அடுப்பின் திறனை மூடியில்லாத பாத்திரம் தின்றுவிட்டது. அதனால் "இண்டக்‌ஷன் வாங்கினா செலவு குறையும்" என்பது பாதி உண்மை. இண்டக்‌ஷனும் குக்கரும் சேர்ந்தால்தான் குறையும்.

வாங்குமுன் சில விஷயங்கள். அலுமினியக் குக்கர் இதில் வேலை செய்யாது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், உறுதியாக ஒட்டினால்தான் சரி. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில் போட்டால் பிளக் சூடாகி உருகும். பெரிய சாக்கெட் கட்டாயம். குறைந்த வாட்டில் வைத்தால் பல அடுப்புகள் சூட்டைக் குறைப்பதில்லை, சில வினாடி முழுசாக ஓடி, சில வினாடி நிற்கும். அதனால் குறைந்த நிலையிலும் குக்கர் விட்டுவிட்டு விசிலடித்தால் அடுப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அணைத்துவிட்டாலே போதும், உள்ளே இருக்கும் சூட்டில் வெந்துவிடும்.

காசுக் கணக்கு

14.2 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 870 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. வகுத்தால் கேஸில் ஒரு யூனிட் வெப்பம் 4 ரூபாய் 80 காசு. தமிழ்நாட்டில் 2024 ஜூலைக் கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 200லிருந்து 400 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குக் கடைசி யூனிட்டின் விலையும் 4 ரூபாய் 80 காசுதான். இரண்டும் ஒரே விலை! அதனால் எது மலிவு என்பதை முழுக்கத் திறனும் ஆவியும்தான் முடிவு செய்கின்றன.

ஒரு தடவை சோறு ஆக்க:

- இண்டக்‌ஷன் + குக்கர்: 0.20 யூனிட், 96 காசு
- ரைஸ் குக்கர், உடனே அணைத்தால்: 0.27 யூனிட், 1 ரூபாய் 30 காசு
- கேஸ் + குக்கர், சிம்மில்: 23 கிராம், 1 ரூபாய் 41 காசு
- இண்டக்‌ஷனில் வடித்தால்: 0.38 யூனிட், 1 ரூபாய் 82 காசு
- கேஸ் + குக்கர், அஞ்சு விசில்: 34 கிராம், 2 ரூபாய் 8 காசு
- ரைஸ் குக்கர், ஆறு மணி நேரம் வார்மில்: 0.51 யூனிட், 2 ரூபாய் 45 காசு

பாருங்க, ஒரே ரைஸ் குக்கர் ரெண்டாவது இடத்திலும் இருக்கிறது, கடைசி இடத்திலும் இருக்கிறது. கேஸ் குக்கரும் அப்படியே. பொருளை மாற்றுவதைவிடப் பழக்கத்தை மாற்றுவதில் அதிகம் மிச்சம். முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் மாசத்துக்கு 45 ரூபாய்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோறு வைக்க மட்டும் மூவாயிரம் ரூபாய்க்குப் புது அடுப்பு வாங்கினால் போட்ட காசு திரும்ப அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகும்.

பருப்பைச் சேர்த்தால் படம் மாறுகிறது. துவரம்பருப்பு 100 டிகிரியில் வேக முக்கால் மணி நேரம்கூட ஆகும், 120 டிகிரியில் பத்து பன்னிரண்டு நிமிஷம் போதும். ரைஸ் குக்கர் இதற்கு உதவாது. ரைஸ் குக்கரில் சோறு, கேஸில் சின்னக் குக்கரில் பருப்பு என்று வைத்தால் 0.27 யூனிட்டும் 15 கிராம் கேஸும் ஆகின்றன, மொத்தம் 2 ரூபாய் 20 காசு. அஞ்சு லிட்டர் குக்கரில் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், அடுக்குப் பாத்திரத்தில் கீழே பருப்பு, மேலே அரிசி என்று ஒன்றாக வைத்து இண்டக்‌ஷனில் ஏற்றினால் இரண்டும் சேர்த்து 0.31 யூனிட், ஒன்றரை ரூபாய். ஒரே கொதிக்கு இரண்டு வேலை. பருப்புப் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை பொங்கிக் குழாயை அடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் 0.31 யூனிட் என்றால் ரெண்டு மாசத்துக்கு 19 யூனிட். உங்கள் பில் 380 யூனிட் என்றால் பயமில்லை. 490 என்றால் அது 509 ஆகிவிடும். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, 100லிருந்து 200 யூனிட் வரைக்கும் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். அந்த ஒன்றுக்கே 200 ரூபாய்க்கு மேல் கூடும். வெயில் காலத்தில் ஏ.சி. ஓடும் வீடுகள் அந்த ரெண்டு மாசம் குக்கரைக் கேஸுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

சரி, எதை வைத்துக்கொள்வது?

காசை மட்டும் பார்த்தால் எங்களுக்கு இண்டக்‌ஷனும் குக்கரும். காலையில் அப்படித்தான் சமைக்கிறோம், கேஸ் அடுப்பு குழம்புக்கும் தாளிப்புக்கும் காலியாக இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் அது வெறும் கண்ணாடிப் பலகை. வீட்டு இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்காது. எனவே கேஸை விட முடியாது.

ரைஸ் குக்கரையும் தூக்கிப் போடவில்லை. பகலில் அம்மா மட்டும் வீட்டில் இருப்பார். என்றைக்காவது மதியம் கொஞ்சம் சோறு வேண்டும் என்றால், விசிலை எண்ணவும் தீயைக் குறைக்கவும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லாத ஒரே சாதனம் அதுதான். அடுப்பை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை இருக்கும் வீட்டில், ஒரு தடவைக்கு முப்பத்திச் சொச்சம் காசு அதிகம் என்பது ஒரு கணக்கே இல்லை. அரிசிக்கும் தண்ணீருக்கும் தனித்தனியாகக் கோடு போட்ட ஒரு டம்ளரைக் குக்கர் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் சுவர் சுவிட்சை அணைப்பது மட்டும்தான் அம்மாவின் வேலை.

புதுசாக எதுவும் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் நாளைக்குக் காலையில் ஒன்று செய்து பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள், கடிகாரத்தில் ஆறு நிமிஷம் பாருங்கள், அணையுங்கள். பருப்பும் கூட இருந்தால் பன்னிரண்டு நிமிஷம். ஒரு நாளைக்கு 11 கிராம் கேஸ் மிச்சம், வருஷத்துக்கு நாலு கிலோ. சிலிண்டரில் கால் பங்குக்கும் மேல்.